மணப்பெண் மேக்கப் பேக்கேஜ்: அட்வான்ஸ், ட்ரயல், போக்குவரத்துக் கட்டணத்தை எப்படி வைப்பது?

"மேக்கப் கோர்ஸ் முடித்து ஒரு வருடம் ஆகிறது. இதுவரை தெரிந்தவர்களுக்குத்தான் செய்தேன், இப்போது தெரியாதவர்களும் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். பேக்கேஜ் மெனு ஒன்று போட வேண்டும். அட்வான்ஸ் எவ்வளவு கேட்கலாம்? ட்ரயலுக்குக் காசு வாங்கலாமா? தூரமாக இருந்தால் போக்குவரத்துக்கு எப்படிக் கணக்கு வைப்பது? அதிகம் கேட்டால் ஓடிவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது."

விலையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, முதலில் ஒரு காகிதத்தில் நேரத்தை எழுதிப் பாருங்கள். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த பெரிய தப்பே, ஒரு முகத்துக்கு இவ்வளவு என்று விலை வைத்ததுதான். நாம் உண்மையில் விற்பது ஒரு தேதியை. அந்தத் தேதியை ஒருவருக்குக் கொடுத்துவிட்டால் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. அட்வான்ஸ், ட்ரயல், பயணம் என்று நீங்கள் கேட்ட மூன்றுக்கும் பதில் இதிலிருந்துதான் வருகிறது.

ஒரு புக்கிங்கை எடுத்துக்கொள்வோம். மணப்பெண், அவளுடைய அம்மா, தங்கை, ஒரு தோழி, ஆக நான்கு பேர். காலை 9 மணிக்குப் போட்டோகிராபர் படம் எடுக்கத் தொடங்குவார். இடம் உங்களிடமிருந்து 50 கிலோமீட்டர், போக ஒன்றேகால் மணி நேரம் ஆகும். கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். 9 மணிப் படத்துக்கு மணப்பெண் 8.30-க்கே தயாராக இருக்க வேண்டும். மேக்கப்பும் ஹேர்ஸ்டைலும் சேர்த்து அவளுக்கு 2 மணி 15 நிமிடம். மற்றவர்களுக்கு ஆளுக்கு 40 நிமிடம். பொருட்களை எடுத்து அடுக்க 20 நிமிடம், உடையும் நகையும் போட்ட பிறகு சரிபார்க்க 30 நிமிடம். நீங்கள் ஒருவரே செய்தால் மொத்தம் 5 மணி 5 நிமிடம். அதாவது அதிகாலை 3.25-க்கு வேலையைத் தொடங்க வேண்டும், வீட்டிலிருந்து 2.10-க்குக் கிளம்ப வேண்டும். கிளம்பிவிடலாம்தான். ஆனால் அந்த நேரத்தில் எழுந்து ஒட்டிய லாஷ் எவ்வளவு நேராக இருக்கும் என்பது வேறு விஷயம். ஓர் அசிஸ்டென்ட் வந்து இரண்டு பேரைப் பார்த்துக்கொண்டால், நீங்கள் ஒருவரை முடித்துவிட்டு மணப்பெண்ணிடம் போகலாம். அப்போது மொத்தம் 3 மணி 45 நிமிடம். 4.45-க்குத் தொடங்கினால் போதும், 3.30-க்குக் கிளம்பலாம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். நான்காவது ஆள் சேர்ந்தவுடன் வேலையின் அளவு மட்டும் கூடவில்லை, இன்னோர் ஆளும் தேவைப்பட்டுவிட்டது. மெனுவில் "கூடுதல் நபர்" என்ற வரிக்கு ஒரே விலை போட்டுவிட்டு, எத்தனை பேர் வரை என்று சொல்லாமல் விடுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். என் மெனுவில் "மணப்பெண்ணோடு கூடுதலாக இரண்டு பேர் வரை நான் ஒருவரே, மூன்றாவது கூடுதல் ஆளிலிருந்து அசிஸ்டென்ட் வருவார்" என்று இருக்கும். அந்த மூன்றாவது கூடுதல் ஆளின் கட்டணமும் அதற்கேற்ப இருக்கும்.

இனிப் பணம். தொகை இடத்துக்கு இடம் மாறும், அதனால் மணப்பெண்ணுக்கு மட்டும் நீங்கள் வாங்குவதை 100 என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் உங்கள் தொகையைப் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள். மற்ற மூவருக்கு, கணக்கு எளிதாக இருக்க எல்லோருக்கும் ஒரே விலையாக, ஆளுக்கு 20 வீதம் 60. ட்ரயல் 30. அதிகாலைக் கட்டணம் 10. பயணத்துக்கு முதல் 15 கிலோமீட்டர் இலவசம், மீதி 35-க்குப் போக வர 70 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 0.1 வீதம் 7. மொத்தம் 207. இதில் அசிஸ்டென்டுக்கு 25 போகும். ஸ்பாஞ்ச், லாஷ், ஒருமுறை பயன்படுத்தி எறியும் மஸ்காரா தூரிகை, தீர்ந்துபோகும் ஃபவுண்டேஷன் எல்லாவற்றுக்கும் 18. வண்டிக்கு உண்மையான செலவு 100 கிலோமீட்டருக்கு 10. கையில் நிற்பது 154.

நேரத்தை எடுத்துக்கொண்டால், அன்றைய வேலை மூன்றே முக்கால் மணி, பயணம் இரண்டரை மணி, ட்ரயல் மூன்று மணி, தூரிகை கழுவிப் பெட்டி அடுக்க ஒன்றரை மணி, முடிந்ததும் எடுத்து வைக்க அரை மணி, மாதக்கணக்கில் ஓடும் மெசேஜ்களுக்கும் போன்களுக்கும் இரண்டரை மணி என்று வைத்தால் ஏறத்தாழ 14 மணி நேரம். மணிக்கு 11. "மணப்பெண்ணுக்கு 100, இரண்டேகால் மணி வேலை" என்று மட்டும் பார்த்தால் மணிக்கு 44 போலத் தெரியும். இப்போது அதே கணக்கில் ட்ரயலை இலவசமாக்கி, பயணத்தையும் அதிகாலையையும் விட்டுக்கொடுத்துப் பாருங்கள். வரவு 160, கையில் 107, மணிக்கு 8-க்குக் கொஞ்சம் கீழே. இந்தச் சின்ன விட்டுக்கொடுத்தல்களிலேயே கால்வாசிக்கும் மேல் போய்விடுகிறது. இந்த 20, 30, 0.1 எல்லாம் கணக்கு புரிவதற்காக நான் வைத்தவை, தொழிலின் விதி அல்ல. உங்கள் எண்களை உங்கள் செலவிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆனால் 14 மணி நேரம் என்பதைப் பெரிதாகக் குறைக்க முடியாது, அது எல்லோருக்கும் அதே அளவில்தான் வரும்.

அட்வான்ஸுக்கு வருவோம். பல வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம் வாய்மொழியாகத் தேதி சொன்னது. நான் டைரியில் எழுதிக்கொண்டேன். அதே தேதிக்குக் கேட்ட வேறு இரண்டு பேரை "இல்லைங்க, புக் ஆகிவிட்டது" என்று திருப்பி அனுப்பினேன். மூன்று வாரம் இருக்கும்போது, சொந்தத்திலேயே ஒருவர் செய்வதாகச் சொல்லிவிட்டார்கள் என்று ஒரு வரி மெசேஜ் வந்தது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மைதான், ஆனால் எழுதி வாங்காதது நான்தான். அன்றிலிருந்து அட்வான்ஸ் வந்த பிறகுதான் டைரியில் பேனாவால் எழுதுவேன், அதுவரை பென்சில்தான். கேட்பவரிடமும் அப்படியே சொல்லிவிடுவேன்: "மூன்று நாள் உங்களுக்காக வைத்திருக்கிறேன், அதற்குள் அட்வான்ஸ் வரவில்லை என்றால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவேன்."

எவ்வளவு என்றால், நான் ட்ரயல் நீங்கலான மொத்தத்தில் 30 சதவீதம் வாங்குகிறேன். மேலே உள்ள கணக்கில் 177-க்கு 53. மீதி 124 நிகழ்ச்சிக்கு 7 நாள் முன்னால் வந்துவிட வேண்டும். அன்றைக்கே வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். கல்யாணத்தன்று பணம் யார் கையில் இருக்கிறது என்று அந்த வீட்டுக்கே தெரியாது. தருவதாகச் சொன்ன மாமா வாசலில் யாரையோ வரவேற்றுக்கொண்டிருப்பார். நீங்கள் பெட்டியோடு ஓரமாக நின்றுகொண்டிருப்பீர்கள். 20 சதவீதத்துக்குக் கீழே போனால் பணத்தை விட்டுவிட்டுப் போவது சுலபமாகிவிடும். 50-க்கு மேலே போனால் முன்பின் தெரியாதவர்கள் தயங்குவார்கள், அந்தத் தயக்கம் நியாயமானதும்கூட.

அடுத்து, பலர் மெனுவின் கீழே "அட்வான்ஸ் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது" என்று ஒரு வரி போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த ஒரு வரியை நம்பாதீர்கள். பல நாடுகளின் நுகர்வோர் சட்டங்கள், ரத்தானதால் உங்களுக்கு உண்மையில் ஏற்பட்ட இழப்புக்கும் நீங்கள் வைத்துக்கொள்ளும் தொகைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். ஐந்து மாதம் முன்னால் ரத்து செய்தவரின் முழுப் பணத்தையும் வைத்துக்கொண்டால் அதை நியாயப்படுத்துவது கடினம், ஏனென்றால் அந்தத் தேதியை நீங்கள் மறுபடி விற்க முடியும். மூன்று வாரம் இருக்கும்போது ரத்தானால் கதை வேறு. அதனால் படிப்படியாக வைப்பதுதான் நல்லது. 90 நாளுக்கு முன் ரத்து செய்தால் மொத்தத் தொகையில் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருகிறேன். 90-லிருந்து 30 நாள் வரை அட்வான்ஸ் முழுவதும் என்னிடம் நிற்கும். 30 நாளுக்குள் என்றால் மொத்தத்தில் பாதி. கடைசி வாரம் என்றால் மேக்கப் தொகை திரும்பாது, ஆனால் போகாத பயணத்தின் கட்டணத்தைத் திருப்பிவிடுவேன். அதே தேதிக்கு வேறு புக்கிங் கிடைத்துவிட்டால், ரத்து செய்தவருக்கு அந்த அளவுக்குப் பணம் திரும்பும். இதை எழுதிக் கொடுப்பதால் எனக்குப் பெரிய நஷ்டம் எதுவும் வந்ததில்லை, சண்டை மட்டும் குறைந்திருக்கிறது. உங்கள் இடத்தின் சட்டம் அட்வான்ஸையும் டெபாசிட்டையும் வேறுவேறாகப் பார்க்கிறதா, வரி எப்போது கட்ட வேண்டும் என்பதை அங்குள்ள ஒரு வக்கீலிடமோ கணக்காளரிடமோ ஒருமுறை காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேதி தள்ளிப்போனால் ஒருமுறை அட்வான்ஸை அப்படியே மாற்றித் தருவேன், புதிய தேதி காலியாக இருந்தால், 30 நாள் முன்னால் சொன்னால். இதற்கு எதிர்ப்பக்கமும் எழுதியிருக்க வேண்டும். நீங்கள் காய்ச்சலில் படுத்துவிட்டால் என்ன? அவர்கள் சம்மதித்தால் மாற்று ஆள், இல்லையென்றால் வாங்கியது அத்தனையும் திருப்பித் தருவது. அப்படி அனுப்பக்கூடிய இரண்டு பேரின் எண் உங்களிடம் இருக்க வேண்டும், அவர்களுக்கு நீங்களும் அப்படிப் போக வேண்டும். இந்த வரி இல்லாத ஒப்பந்தத்தைப் படிக்கும் அம்மாக்கள் முதலில் கேட்பதே இதைத்தான்.

ட்ரயலுக்குக் காசு வாங்கலாமா என்றால், வாங்க வேண்டும். முன்பு நான் ட்ரயல் தொகையைப் பேக்கேஜில் கழித்துக்கொடுத்தேன். கணக்குப் பார்த்தபோதுதான் புரிந்தது, அது மூன்று மணி நேரம் இலவச வேலை. புக்கிங்குக்கு முன்னால் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்பவர்களுக்கும் செய்கிறேன், தப்பில்லை. ஆனால் ட்ரயல் செய்ததால் தேதி அவர்களுக்கு ஒதுக்கப்பட்டதாகாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். இதைச் சொல்லாமல் விட்டால் "நாங்கதான் ட்ரயல் பார்த்தோமே" என்று வந்து நிற்பார்கள்.

எப்போது என்றால், நிகழ்ச்சிக்கு 4 முதல் 6 வாரம் முன்னால். அதற்கு வெகு முன்னால் செய்தால் உடையும் நகையும் முடிவாகியிருக்காது, வெயிலில் தோல் நிறம் மாறியிருக்கும், முடிக்கு வண்ணம் அடித்திருப்பார்கள். கடைசி வாரத்தில் செய்தால், ஏதாவது பொருள் ஒத்துக்கொள்ளாமல் சிவந்துவிட்டால் ஆறுவதற்கு நாள் இருக்காது. இதற்காகத்தான் ட்ரயலுக்கு இரண்டு நாள் முன்பே லாஷ் பசையையும் ஃபவுண்டேஷனையும் காதுக்குப் பின்னால் சிறிது தடவிப் பார்க்கச் சொல்வது. லாஷ் பசைகள் சிலவற்றில் லேடெக்ஸ் இருக்கும், ரப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அப்படித் தடவிப் பார்த்து ஒன்றும் ஆகவில்லை என்றால் ஆபத்து குறைவு என்றுதான் அர்த்தம், முழு உத்தரவாதம் இல்லை.

ட்ரயலில் என்ன அடங்கும் என்பதை மெனுவிலேயே எழுதுங்கள்: ஒரு முழு லுக், ஒரு திருத்தம், அதிகபட்சம் மூன்று மணி நேரம். "அந்த லிப்ஸ்டிக்கையும் ஒருதடவை பார்க்கலாமா" என்று தொடங்கி ஐந்து லுக் வரை போன நாட்கள் எனக்கு உண்டு. முடிந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம், இருட்டான அறையில் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துவிடுங்கள். சன்ஸ்கிரீனில் உள்ள டைட்டானியம் டைஆக்சைடு, ஜிங்க் ஆக்சைடு, சில சிலிகா பவுடர்கள் ஃப்ளாஷில் முகத்தைச் சுண்ணாம்பு பூசியதுபோல் காட்டும். கண்ணுக்குத் தெரியாத இந்த வெள்ளை அப்போதே அகப்பட்டுவிடும். அப்புறம் மேக்கப்பைக் கழுவாமல் வீட்டுக்குப் போகச் சொல்லி, ஆறு மணி நேரம் கழித்து ஒரு செல்ஃபி அனுப்பச் சொல்லுங்கள். மூக்கின் ஓரத்தில் பிளந்திருக்கிறதா, நெற்றியில் எண்ணெய் எந்த இடத்தில் வருகிறது என்று அதில் தெரியும். பயன்படுத்திய ஷேட் எண்களை அவள் பெயரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரும் இதையெல்லாம் பார்க்கிறார், ட்ரயலுக்குத் தனியாக ஏன் காசு என்ற கேள்வி அதோடு நின்றுவிடுகிறது. ட்ரயல் உங்கள் இடத்தில்தான். அவர்கள் வீட்டுக்கு வரச் சொன்னால் பயணக் கட்டணம் உண்டு.

பயணத்தில் பெட்ரோலை மட்டும் கணக்கிடாதீர்கள். டயரும் சர்வீஸும் கிலோமீட்டரில்தான் தேய்கின்றன, இன்சூரன்ஸும் வண்டிச் செலவுதான். ஒரு வருடத்தில் வண்டிக்கு ஆன மொத்தச் செலவை, ஓடிய கிலோமீட்டரால் வகுத்தால் உங்கள் உண்மையான எண் வரும். இலவசம் என்று சொல்லும் 15 கிலோமீட்டரும் உங்களுக்குச் செலவுதான், அதை மணப்பெண் கட்டணத்துக்குள் வைத்திருக்கிறோம், அவ்வளவே. தூரத்தை எதைக் கொண்டு அளப்பது என்பதையும் எழுதுங்கள். "என் முகவரியிலிருந்து இடம் வரை மேப் காட்டும் வண்டிப் பாதை, போக வர" என்று நான் எழுதுவேன். சுங்கமும் பார்க்கிங்கும் ரசீதுப்படி. இடம் மாறினால் கணக்கும் மாறும். மணப்பெண் ஓரிடத்தில் தயாராகி, மாலை நிகழ்ச்சி வேறிடத்தில் என்றால் அந்த நடுப்பயணத்தையும் சேர்க்க வேண்டும், பலர் மறப்பது அதைத்தான்.

எந்தத் தூரத்துக்கு மேல் தங்க வேண்டும் என்பதைக் கிலோமீட்டரைவிடக் கிளம்பும் நேரத்தை வைத்து முடிவு செய்வது எனக்குச் சரியாக வருகிறது. 3 மணிக்கு முன்னால் கிளம்ப வேண்டியிருந்தால் முந்தைய இரவே போய்த் தங்குவேன், அறை அவர்கள் பொறுப்பு. மேலே சொன்ன புக்கிங்கில் அசிஸ்டென்ட் இருப்பதால் 3.30, தங்கத் தேவையில்லை. ஆள் இல்லையென்றால் 2.10, தங்கியே ஆக வேண்டும். அசிஸ்டென்டின் கூலியையும் அறை வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், எது வேண்டும் என்று அவர்களே தேர்ந்துகொள்வார்கள்.

மெனுவில் இரண்டு பேக்கேஜுக்கு மேல் வேண்டாம். ஒன்று மணப்பெண் ஒரு நிகழ்ச்சிக்கு, மற்றொன்று ஒரே நாளில் இரண்டு நிகழ்ச்சிக்கு, நடுவில் டச்சப்புக்கு நீங்கள் அங்கேயே இருப்பதோடு. மற்றதெல்லாம் தனித்தனி வரிகள்: கூடுதல் நபர், ட்ரயல், 6 மணிக்கு முன் தொடங்கும் வேலை, காத்திருக்கும் மணி நேரம், பயணம். எச்டி, ஏர்பிரஷ் என்று பெயர் வைத்து மூன்று விலை போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஏர்பிரஷ் என்பது ஃபவுண்டேஷனைத் தெளிக்கும் கருவி, எச்டி என்பது ஆளுக்கொரு அர்த்தத்தில் புழங்கும் பெயர். எந்தத் தோலுக்கு எது பொருந்தும் என்று ட்ரயலில் முடிவு செய்ய வேண்டியதை மெனு முன்கூட்டியே விலை பேசிவிடுகிறது.

எழுத மறக்கக்கூடாத இன்னொரு வரி, அன்றைக்கு வந்து சேரும் ஆட்கள் பற்றியது. ஒருமுறை மணப்பெண்ணுக்குக் கண் முடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஓர் அக்கா வந்து நின்றார். "எனக்கு ஒண்ணும் பெருசா வேண்டாம்மா, லேசா பவுடர், ஐலைனர் மட்டும்." அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர். அந்த "லேசா" ஒவ்வொன்றும் 25 நிமிடம். இப்போது என் அசிஸ்டென்ட் சிரித்தபடியே பதில் சொல்லிவிடுவாள்: "அக்கா, பட்டியல் ஒரு வாரம் முன்னாடியே மூடிடுச்சு. மணப்பெண் முடிஞ்சு நேரம் இருந்தா கட்டாயம் செய்யறோம், ஆளுக்கு இவ்வளவு." ஆட்களின் எண்ணிக்கை மீதிப் பணம் கட்டும் நாளோடு, அதாவது 7 நாள் முன்னால், முடிவாகிவிடும் என்று மெனுவில் இருப்பதால்தான் அவளால் இப்படிச் சொல்ல முடிகிறது.

ஓடிவிடுவார்களோ என்ற பயத்துக்கு என் அனுபவத்தில் பார்த்தது இது: தொகையைப் பார்த்து ஓடுகிறவர்களைவிட, ஒரு தொகை சொல்லிவிட்டுப் பின்னால் ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது கோபித்துக்கொள்கிறவர்கள் அதிகம். அதனால் "எவ்வளவு ஆகும்?" என்று வரும் மெசேஜுக்கு விலையை மட்டும் அனுப்பாதீர்கள். நான் அனுப்புவது இதுதான், மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்: "வாழ்த்துகள்! தேதி, இடம், மணப்பெண் எத்தனை மணிக்குத் தயாராக இருக்க வேண்டும், கூட எத்தனை பேர், இந்த நான்கும் சொன்னால் பயணம் உட்பட முழுத் தொகையும் இன்று மாலைக்குள் அனுப்புகிறேன். இதற்குமேல் அன்றைக்குச் சேர்வது எதுவும் இருக்காது, ஆட்கள் கூடினாலோ நேரம் நீண்டாலோ மட்டும் அதற்கான கட்டணம், சுங்கமும் பார்க்கிங்கும் ரசீதுப்படி. தேதி இப்போது காலியாக இருக்கிறது, மூன்று நாள் உங்களுக்காக வைத்திருக்கிறேன்."